வக்ர புதனும் தாமதமாக வரும் பதிலும்

"மகனுக்கு 8 வயது. துலாமில் புதன் 10 பாகை, வக்ரம். சூரியன் அதே ராசியில் 18 பாகை. கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகிறது. புத்தி மந்தமா?"

சோதிடப்படி அப்படிச் சொல்ல முடியாது. வக்ரம் என்றால் கிரகம் பின்னோக்கி நகர்வதுபோல் தெரிவது; அப்படிப்பட்ட கிரகத்துக்குச் சேஷ்டா பலம், அதாவது இயக்கத்தால் வரும் பலம், உண்டு. அதைப் பலவீனமாகக் கொள்வதில்லை. வக்ர புதனின் சிந்தனை முன்னே ஓடாமல், கேட்டதைத் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். அதனால் முதல் முறை பாடம் மெதுவாக ஏறும், இரண்டாம் முறை நன்றாகப் பதியும். பேசும்போது பாதியில் நிறுத்தித் திருத்திச் சொல்வதும் இந்த வகைதான். அதே கேள்வியை மறுநாள் கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வந்தால் இந்தப் பலன் பொருந்துகிறது.

நீங்கள் கவனிக்காத ஒன்று: சூரியனுக்கும் புதனுக்கும் இடைவெளி 8 பாகைதான். வக்ர புதனுக்கு 12 பாகைக்குள் அஸ்தங்கம், அதாவது சூரிய ஒளியில் மறைந்து பலம் குன்றுவது. வாய் திறக்கத் தயங்குவதை நான் அதிலிருந்துதான் எடுப்பேன், வக்ரத்திலிருந்து அல்ல. அப்புறம் பேச்சைக் குறிக்கும் இரண்டாம் வீட்டின் அதிபதியையும் பார்க்க வேண்டும், லக்னம் எழுதுங்கள்.

வக்ரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். புதன் ஆண்டுக்குச் சுமார் மூன்று முறை, மூன்று வாரம் வீதம் வக்ரமாகும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்கு இது இருக்கும். திக்குவதோ சொன்னது புரியாததோ இருந்தால், ஜாதகத்தை மூடிவிட்டுப் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்கள்.