ஒப்பந்தத்தில் பிரிவு எண்களும் வரையறைச் சொற்களும்

"ஆம்பூர் ஷூ ஆர்டருக்கான 60 பக்க ஒப்பந்தத்தின் நடுவே ஒரு பிரிவைச் சேர்த்தோம். மற்ற இடங்கள் பொருந்துகின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?"

வேர்டில் Ctrl+A, பிறகு F9 அழுத்தினால், இணைப்பாக இடப்பட்ட எண்கள் மட்டுமே புதுப்பிக்கப்படும். கையால் தட்டச்சு செய்தவை பழையபடியே நிற்கும். நான் பார்த்த ராணிப்பேட்டைத் தோல் ஒப்பந்தம் ஒன்றில் "பிரிவு 9-இன்படி அபராதம்" என்றிருந்தது. புதிய பிரிவு நுழைந்ததால் அபராதம் 10-க்கு நகர்ந்து, 9-இல் காப்பீடு உட்கார்ந்திருந்தது. அந்த எண்ணில் ஒரு பிரிவு இருப்பதால் இப்பிழை கண்ணில் படாது. எனவே "பிரிவு" என்று தேடி, சுட்டப்பட்ட ஒவ்வொன்றையும் திறந்து வாசியுங்கள்.

அந்தத் தோல் ஒப்பந்தத்திலேயே "ஒப்படைப்பு நாள்" என்பது, சரக்கு வாங்குபவரின் கிடங்கைச் சேரும் நாள் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. தாமத அபராதமோ எங்கும் வரையறுக்கப்படாத "டெலிவரி தேதி"யிலிருந்து எண்ணப்பட்டது. வரையறைச் சொல்லைத் தேடினால் இந்த மாற்றுச் சொல் சிக்காது. தேதி, தொகை, சரக்கு பற்றிப் பேசும் வாக்கியங்களை வரையறைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் படித்தால்தான் தெரியும்.