மில்லு ஓடாத நேரத்துக்கும் டிமாண்ட் கட்டணமா?

கேள்வி: எங்கள் சின்னப் பட்டறைக்கு ஹெச்டி எனும் உயர் அழுத்த மின் இணைப்பு. மின்சார யூனிட் குறைத்தும் டிமாண்ட் கட்டணம் இறங்கவே இல்லை. மெஷின் ஓட்டும் நேரத்தை மாற்றினால் குறையுமா?

குறையும். டிமாண்ட் என்பது ஒரே நேரத்தில் நீங்கள் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. மீட்டர் அதன் 15 அல்லது 30 நிமிடச் சராசரியைப் பதிந்து, மாதத்தின் உச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு நாள் காலை அரைமணி நேரம் எல்லாம் சேர்ந்து ஓடினால் மாதம் முழுக்க அதற்கே பில். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் சில வினாடி இழுப்பு சராசரியில் கரைந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஒப்பந்த டிமாண்ட் 150 கேவிஏ, கட்டணம் கேவிஏவுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டரைக்கு லேத்துகள் 75, கம்ப்ரெசர் 30, குளிர்ந்த ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் 60. மொத்தம் 165. மீறிய 15க்கு இரட்டிப்புக் கட்டணம், ஆக 1,08,000 ரூபாய்.

ஃபர்னஸை மட்டும் ஆட்கள் வருமுன் சூடேற்றுங்கள். சூடு பிடித்தபின் தெர்மோஸ்டாட் அதை விட்டு விட்டு ஓட்டும், சராசரி 17 போதும். உச்சம் 122.

ஆனால் தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தின் 90 சதவீதமாவது கட்டியாக வேண்டும், அதாவது 135க்கு 81,000. சில மாதம் 122 நிலைத்தால் ஒப்பந்தத்தை 130 ஆக்க விண்ணப்பியுங்கள், 73,200 ஆகும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சூடேற்றுவது காலை பீக் நேரத்தில் விழக்கூடாது. அப்போது யூனிட் விலையில் 25 சதவீதம் கூடுதல். மின்தடைக்குப் பின் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் அந்த மாதம் போச்சு.