வீட்டில் செய்த பால்கோவாவும் ஒரு லேபிளும்

கேள்வி: வீட்டிலேயே இனிப்பு செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து விற்கிறேன். சாப்பிட்ட யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் சட்டப்படி நான் பொறுப்பா? நான் சுத்தமாகத்தான் செய்கிறேன்.

பதில்:

பொறுப்புதான். சுத்தமாகச் செய்தேன் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை 4 கிலோ பால்கோவா கிளறி, கால் கிலோ வீதம் 16 டப்பா போட்டேன். அதில் ஒன்றை வாங்கிய அம்மா சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போய், ஞாயிறு மதியம் டப்பாவைத் திறந்திருக்கிறார். மூன்று மணி நேரத்தில் மூன்று பேருக்கு விடாமல் வாந்தி. காய்ச்சல் இல்லை. ஒருவருக்கு டிரிப்ஸ் ஏற்றி, பில் 4,200 ரூபாய்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வழியில் பரோட்டா சாப்பிட்டார்களாம், அதுதான் காரணம் என்று வாதாட நினைத்தேன். விசாரித்தால், நான்காவதாக ஒருவர் பரோட்டா சாப்பிட்டிருக்கிறார், கோவாவைத் தொடவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குள் காய்ச்சலில்லாத வாந்தி என்றால் பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமி உணவிலேயே உண்டாக்கி வைத்த நச்சாக இருக்கும். கையிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கும் கிருமி அது. ஆறிய கோவாவைக் கையால் உருட்டும்போது கொஞ்சம் ஒட்டினால் போதும், வெயில் நாளில் வெளியே கிடந்தால் பெருகிவிடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

மற்ற 15 டப்பா வாங்கியவர்களுக்கும் போன் போட்டேன். யாருக்கும் ஒன்றுமில்லை, எல்லோரும் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு துண்டு எடுத்துத் தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வைப்பது என் வழக்கம். (என் கணவர் எடுத்துத் தின்னாமல் காப்பாற்றுவது தனிப் பாடு.) அதைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். கிருமி அளவு வரம்புக்குள் என்று வந்தது. அப்பாடா, என் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டு தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் லேபிளைக் கேட்டார்.

லேபிளில் என் பெயர், எடை, தேதி, பதிவு எண் எல்லாம் இருந்தன. ஃப்ரிட்ஜில் வைக்கவும், இத்தனை நாளுக்குள் சாப்பிடவும் என்ற ஒரு வரி இல்லை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 84-இல், தயாரிப்பாளர் எப்போது பொறுப்பாவார் என்று வரிசையாகச் சொல்கிறது. தயாரிப்பில் குறை என்பது அதில் ஒன்று. சரியாகப் பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ போதிய அளவு சொல்லாமல் விடுவது இன்னொன்று. என் அடுப்படியிலிருந்து கோவா நல்லபடியாகத்தான் போனது என்று ஆய்வக ரிப்போர்ட் காட்டலாம். லேபிளில் விட்ட வரிக்கு அது பதிலாகாது. நாங்கள் சின்ன ஆள், வீட்டில் செய்கிறோம் என்பதும் செல்லாது, பொருளைச் செய்கிற எவரும் தயாரிப்பாளர்தான். காசு கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவர் கொடுத்துச் சாப்பிட்டவரும் வழக்குப் போடலாம். அதற்கு அவர்களுக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

ஆனாலும் உங்கள் உணவால்தான் உடம்புக்கு வந்தது என்று காட்டும் சுமை அவர்களுடையது. "உணவு நச்சு" என்று டாக்டர் எழுதிய சீட்டு எந்த உணவு என்று சொல்லாது. என் விஷயத்தில் அந்த நான்காவது ஆள்தான் சாட்சி.

இதற்கு மேல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. பாதுகாப்பற்ற உணவால் பாதிப்பு வந்தால் பிரிவு 65-இன்படி இழப்பீடு தர வேண்டும். உயிர் போனால் 5 லட்சத்துக்குக் குறையாமல், பெரிய பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை. FSSAI பதிவு இல்லாமல் விற்றால் அது வேறு குற்றம். பதிவு செய்திருப்பதால் பொறுப்பு போய்விடாது, இன்னொரு வழக்கு சேராது, அவ்வளவுதான்.

நான் பில் தொகையையும் கோவா காசையும் கொடுத்து, இது தொடர்பாக இனி கோரிக்கை இல்லை என்று அந்த மூன்று பேரிடமும் எழுதி வாங்கினேன். வாங்கியவரின் கையெழுத்து மட்டும் போதாது என்று வக்கீல் சொன்னார், மற்ற இருவருக்கும் தனித்தனி உரிமை உண்டாம்.

"பொறுப்பேற்க மாட்டோம்" என்று சிலர் லேபிளில் அச்சடிக்கிறார்கள். அந்த வரியை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள். அதே இடத்தில் நான் இப்போது பெரிய எழுத்தில் போடுவது: "வாங்கியதும் ஃப்ரிட்ஜில் வைக்கவும். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சாப்பிட வேண்டாம். பயணத்துக்கு ஏற்றதல்ல." இதைப் படித்தும் ஒருவர் டப்பாவை ஒன்றரை நாள் பையில் வைத்திருந்து சாப்பிட்டால், தவறாகப் பயன்படுத்தினார் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 87-ஐக் காட்டி வாதாட எனக்கு இடம் இருக்கிறது. அன்று அந்த இடம் இல்லை.