சொதி எந்தப் பந்திக்கு? கேட்டரிங் பேச்சைக் குறிப்பாக்கும் விதம்

கேள்வி: மக கல்யாணத்துக்குச் சமையல் அண்ணாச்சிகிட்ட எங்க வீட்டுக்காரர் பேசினது 23 நிமிஷம் போன்ல பதிவாகிக் கிடக்கு. ஆளுக்கொரு கணக்கு சொல்லுதாங்க. மெனு, ஆள் கணக்கு, அட்வான்ஸ், ருசி பாக்கப் போற நாள் எல்லாத்தையும் வீட்டுக்குப் புரியுற மாதிரி எப்படி எழுதி வைக்க? – பாளையங்கோட்டை வாசகி

முதல் தடவை பேனாவைத் தொடாமல் முழுக்கக் கேளுங்கள். 4ஆம் நிமிடத்தில் சொன்ன எண் 19ஆம் நிமிடத்தில் மாறியிருக்கும். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி எழுதும்போது எத்தனையாவது நிமிடம், சொன்னது யார் என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள். பிறகு யாராவது மறுத்தால் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டலாம்.

எங்கள் சித்தப்பா வீட்டுப் பேச்சு இப்படி இருந்தது. 4ஆம் நிமிடத்தில் சித்தப்பா, "மதியத்துக்கு 600 இலை போட்டுக்கிடுங்க" என்கிறார். 11இல், "மாப்பிள்ளை வீட்டுல 150 பேர் வாராங்களாம்." "அப்ப 750ஆ?" "இல்ல, அதுலயே அடங்கிரும்னு நினைக்கேன்." 19இல் சமையல்காரர், "சரி, 700க்குச் சரக்கு போடுதேன்." சித்தப்பா, "ம்... பாத்துக்கிடலாம்."

சித்தி 600 என்று எழுதினாள், மகன் 750 என்று எழுதினான். சமையல்காரர் மனதில் இருந்ததோ 700. நம் ஊர்ப் பேச்சில் "ம்" என்றால் காதில் விழுந்தது என்று பொருள். "பாத்துக்கிடலாம்" என்றால் முடிவாகவில்லை என்று பொருள். அதனால் ஒருவர் எண்ணைச் சொல்லி மற்றவர் அதே எண்ணைத் திருப்பிச் சொன்னால் மட்டும் 'முடிவு' என்று எழுதுங்கள். மற்றதெல்லாம் 'கேட்கணும்'. இலைக்கு 220 ரூபாய் என்று பேசியிருந்தார்கள். 600க்கும் 700க்கும் நடுவே 22,000 ரூபாய் நிற்கிறது.

ஆள் கணக்கை ஒரே எண்ணாக எழுதவும் கூடாது. முந்தின நாள் ராத்திரி, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு, மறுவீடு என்று வேளைக்கு ஒரு வரி வேண்டும்.

மெனுவில் பெரிய குழி "வழக்கம்போல" என்ற சொல். அவியலும் கூட்டும் அதில் அடக்கம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர் இரண்டில் ஒன்றை நினைத்திருப்பார். அந்தச் சொல் வரும் இடத்தில் பதார்த்தங்களைப் பெயர் பெயராகக் கேட்டு வாங்குங்கள். சொதி பேச்சு வந்தால் இன்னும் கவனம். பல வீடுகளில் அது மறுவீட்டுச் சாப்பாடு. முகூர்த்த மெனு பேசும்போதே நடுவில் வந்துவிடும். கேட்பவர் 700 இலைக்கும் சொதி என்று எழுதிவிடுவார். தேங்காய்ப்பால் சமாச்சாரம், தேங்காய்ச் செலவே தனி. சித்தப்பா வீட்டில் அது மறுவீட்டுக்கு வரும் 120 பேருக்கு மட்டும். கூட வரும் இஞ்சிப் பச்சடியையும் அதே வரியில் எழுதுங்கள். வாழையிலை, காஸ், தண்ணீர் கேன் யார் பொறுப்பு என்பதும் மெனு பேச்சுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

அட்வான்ஸில் "ஒரு அம்பது போட்டு விடுங்க" என்றிருப்பார். குறிப்பில் 50,000 என்று முழுசாக எழுதுங்கள். மொத்தத்தில் கழியுமா, மீதி எப்போது என்று அடுத்த வரியில் வரட்டும். 700 இலைக்கு 1,54,000. அட்வான்ஸ் போக 1,04,000. "பத்திரிகை அடிச்சதும் தாரோம்" என்பது தேதி ஆகாது.

ருசி பார்க்கும் நாளுக்கு, பேசிய நாளை முதலில் எழுதுங்கள். சனிக்கிழமை பேசி "அடுத்த புதன்" என்றால் அது 4 நாளிலா, 11 நாளிலா? நம் பக்கம் பலர் தனியாகச் சமைத்துக் காட்டாமல், வேறொரு கல்யாணத்தில் தாங்கள் சமைக்கும் பந்திக்கே வரச் சொல்வார்கள். அப்படியானால் தினசரிக் காலண்டரில் எந்தப் புதன் முகூர்த்த நாள் என்று பாருங்கள், பாதி சந்தேகம் தீரும். மீதியைப் போன் போட்டுக் கேளுங்கள். மண்டபம், நேரம், போகிறவர் பெயர் மூன்றும் குறிப்பில் இருக்கட்டும். அந்தப் பந்தியில் சொதி இருக்காது என்பதால், அதை எங்கே ருசி பார்ப்பது என்றும் கேட்டுவிடுங்கள்.

சித்தப்பா வீட்டுக் குறிப்பு கடைசியில் இப்படி நின்றது:

முகூர்த்த மதியம்: அவர் கணக்கு 700 (19ஆம் நிமிடம்). கேட்கணும்.
மறுவீடு: 120, சொதி, இஞ்சிப் பச்சடி. முடிவு.
இலைக்கு 220. முடிவு. வாழையிலை யார்? கேட்கணும்.
அட்வான்ஸ் 50,000. தேதி கேட்கணும்.
ருசி: புதன். எந்தப் புதன்? கேட்கணும்.

ஆடியோவைக் குடும்பக் குரூப்பில் போடாதீர்கள். அவர் உங்களை நம்பிப் பேசியது. இந்தக் குறிப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பி, கேட்கணும் என்ற வரிகளுக்கு எண்ணையும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டைவிரல் படம் வந்தால் திரும்பக் கேளுங்கள்.