ஐந்து வாரமாகியும் நடந்ததைக் கேட்கவே இல்லையே?

"என் மகளுக்கு 9 வயது. உறவுக்காரர் ஒருவர் அவளிடம் தவறாக நடந்துகொண்டார், போலீசில் புகார் கொடுத்துவிட்டோம். இப்போது அந்த அதிர்ச்சியிலிருந்து மீள உதவும் டிராமா ஃபோகஸ்ட் சிபிடி என்ற மனநலச் சிகிச்சைக்கு வாரம் ஒருமுறை போகிறோம். ஐந்து வாரமாக மூச்சுப் பயிற்சி, படம் வரைவது என்றே போகிறது. பாதி நேரம் என்னை உட்கார வைத்துப் பேசுகிறார் தெரபிஸ்ட். நேரம் வீணாகிறதோ?"
– ஒரு அம்மா, மதுரை

வீணாகவில்லை. இந்தச் சிகிச்சை பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் வரை போகும். முதல் மூன்றில் ஒரு பங்கு பயம் வரும்போது உடம்பையும் மனதையும் அடக்கப் பழகுவதற்கு, நடுப்பங்குதான் நடந்ததைச் சொல்வதற்கு, கடைசிப் பங்கு நீங்கள் இருவரும் சேர்ந்து பேசுவதற்கும் பாதுகாப்புக்கும். ஆனால் ஆரம்பத்திலிருந்தே அந்த விஷயத்தைப் பெயர் சொல்லிப் பேசியிருக்க வேண்டும், அதைச் சுற்றிச் சுற்றியே எட்டு ஒன்பது வாரம் ஓடினால் தெரபிஸ்ட்டிடம் நேராகவே கேளுங்கள், பேசத் தயங்குவது அவராகவும் இருக்கலாம்.

நடுப்பங்கில் அவள் ஒரு சின்னப் புத்தகம் மாதிரி எழுதுவாள். முதலில் தன்னைப் பற்றி, பள்ளிக்கூடம், தோழி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. ரொம்பப் பயந்த நேரம் கடைசியில். 'பயம் பத்துக்கு எவ்வளவு?' என்று இடையிடையே கேட்பார், ஏறினால் நிறுத்தி மூச்சுப் பயிற்சி. எழுதியதைத் திரும்பப் படிக்கும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். 'சாக்லேட்டை நான்தான் வாங்கிக்கிட்டேன், அதனால என் தப்பு' என்று எழுதியிருந்தால், உடனே இல்லை என்று மறுக்காமல், 'உன் தோழிக்கு இப்படி நடந்திருந்தா அவ தப்பா?' என்று கேட்டு அவளையே யோசிக்க விடுவார்.

சரி, நீங்கள் எதற்கு? அவள் எழுதியதைத் தெரபிஸ்ட் முதலில் உங்கள் அமர்வில், அவளுக்குத் தெரிந்தே, உங்களிடம் படித்துக் காட்டுவார். அழுகை, ஆத்திரம் எல்லாம் அங்கேயே தீரட்டும். அவள் முன்னால் முதன்முறை கேட்டு நீங்கள் உடைந்துபோனால், 'இதைச் சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க' என்று வாயை மூடிக்கொள்வாள். வீட்டு நடைமுறையும் உங்கள் பாடம்தான். பாவம் என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். தம்பியை அடிக்கக்கூடாது என்றால் கூடாதுதான், தூங்கும் நேரம் தூங்கும் நேரம்தான்.

ராத்திரி உட்கார வைத்து நீங்களாகத் துருவிக் கேட்க வேண்டாம், வழக்குக்கும் அது நல்லதல்ல. அவளாகச் சொன்னால் கேளுங்கள், 'சொன்னது நல்லதும்மா' என்று சொல்லிவிட்டுத் தெரபிஸ்ட்டிடம் தெரிவியுங்கள்.

நடுப்பங்கில் சில நாள் கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர் போவது கூடலாம். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் செத்துப்போகணும் என்கிற மாதிரி பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அந்த ஆள் வரக்கூடிய கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவளைக் கூட்டிப் போகாதீர்கள், மாமியாரே கூப்பிட்டாலும் சரி. எங்கேயாவது எதிர்ப்பட்டுவிட்டால் அடுத்த அமர்வு வரை காத்திராமல் தெரபிஸ்ட்டுக்குப் போன் செய்யுங்கள், எழுதுவதை அவர் தள்ளிவைத்துவிட்டு முதலில் பாதுகாப்பைத்தான் பார்ப்பார்.