வளிமண்டலத்தின் மூன்று சிக்கல்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கரியமில வாயு ஓசோனில் ஓட்டை போடுவதால்தான் பூமி சூடாகிறதா?

இல்லை. ஓசோனைத் தாக்கும் குளோரின் கரியமில வாயுவில் கிடையாது. பூமியிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரை அது உட்கவர்ந்து அதிர்கிறது. அந்த ஆற்றலை அருகிலுள்ள மூலக்கூறுகளுக்குத் தந்துவிட்டு, வேதியியல் மாற்றம் ஏதுமின்றி அடுத்த கதிரை ஏற்கத் தயாராகிறது. ஓசோன் குறைந்தால் கூடுதலாக நம்மை எட்டுவது புற ஊதாக் கதிர். புவி வெப்பமடைவதற்கு அது காரணமன்று.

கரியமில வாயு நீரில் கரைந்தால் அமிலம் உண்டாகிறதே, அமில மழைக்கும் அதுதானே காரணம்?

கார்பானிக் அமிலம் வலுக்குறைந்தது. அதனால்தான் தூய காற்றில் பெய்யும் மழையின் pH மதிப்பு சுமார் 5.6 ஆக இருக்கிறது. அதை 4.6-க்குக் கீழே இறக்குவதற்கு, அதாவது ஹைட்ரஜன் அயனிகளைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்குவதற்கு, கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் தேவை. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு மேகத் துளிகளில் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து கந்தக அமிலமாகிறது. சில நாட்களுக்குள் மழையோடு இறங்கிவிடுவதால் இதன் பாதிப்பு உலகம் முழுவதும் பரவாமல், காற்று வீசும் திசையிலுள்ள வட்டாரங்களில்தான் விழுகிறது. சோதிப்பவர்கள் pH-ஐ மட்டும் நம்பக் கூடாது; காற்றிலுள்ள சுண்ணாம்புத் தூசி அமிலத்தை நடுநிலையாக்கியிருக்கலாம் என்பதால், சல்பேட்டையும் நைட்ரேட்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட, எதனோடும் வினைபுரியாத குளோரோபுளோரோகார்பன் வாயு ஓசோனை எப்படி அழிக்கிறது?

அந்த மந்தத்தன்மையே ஆபத்தின் வேர். கீழ்க்காற்றில் எதுவும் அதைச் சிதைப்பதில்லை, மழையும் கரைத்து இறக்குவதில்லை. ஆகவே ஆண்டுக்கணக்கில் மிதந்து, ஓசோன் நிறைந்த அடுக்கு மண்டலத்தை எட்டுகிறது. அங்கே கடுமையான புற ஊதாக் கதிர் பட்டு ஒரு குளோரின் அணு கழல்கிறது:

Cl + O₃ → ClO + O₂
ClO + O → Cl + O₂

இரண்டாம் வரியின் முடிவில் குளோரின் அப்படியே மீண்டு வருவதைக் கவனியுங்கள். வேறொரு சேர்மத்தில் சிக்கிக்கொள்ளும் வரை, ஒரே அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தது இதைத்தான். அண்டார்டிகாவில் நிலைமை இன்னும் மோசமாகிறது: குளிர்காலத்தில் சுமார் −78 டிகிரி செல்சியசுக்குக் கீழே உருவாகும் மேகத் துகள்களின் பரப்பில், சிக்கியிருந்த குளோரின் விடுபட்டு, வசந்த காலச் சூரியன் எழுந்ததும் வேலையைத் தொடங்குகிறது. வேறு வினைச்சுழற்சிகளும் அங்கே சேர்ந்துகொள்கின்றன.

குளோரோபுளோரோகார்பனுக்கு மாற்று வாயுக்கள் வந்த பின்பும் ஏன் கவலை?

ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் நெறிமுறைக்குப் பின் பரவலான HFC-134a என்ற குளிரூட்டும் வாயுவில் குளோரின் இல்லை. ஓசோனுக்கு அது தீங்கற்றது. ஆனால் அதிலுள்ள கார்பன்-புளோரின் பிணைப்புகள் அகச்சிவப்புக் கதிரை நன்றாக உட்கவர்வதால், நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பப்படுத்துகிறது. இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கவே 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் அந்நெறிமுறை திருத்தப்பட்டது.