பிள்ளை லோகாசாரியரும் லூத்தரும்: ஒப்பீட்டுக் கட்டுரை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: தென்கலை வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர், கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் இருவருமே அருளால் மட்டுமே மீட்பு என்கிறார்கள். கட்டுரையின் முடிவு அதுதானே?

அதை முடிவாக வைக்காமல் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் "எதிலிருந்து மீட்பு?" என்ற அடுத்த கேள்விக்கு இடம் கிடைக்கும். லூத்தருக்கு மனிதனின் இடர், கடவுளின் தீர்ப்புக்கு முன் குற்றவாளியாக நிற்பது. அதனால்தான் 1520-இல் அவர், திருமணத்தில் உடைமைகள் பொதுவாவது போல ஆன்மாவின் பாவம் கிறிஸ்துவுக்கும் கிறிஸ்துவின் நீதி ஆன்மாவுக்கும் உரியதாகிறது என்று எழுதினார்.

வைணவத்தில் இடர் பிறவிச் சுழல். கீதையின் சரம சுலோகம் "எல்லாப் பாவங்களிலிருந்தும் விடுவிப்பேன்" என்கிறது. உரைகாரர்கள் அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்குள் புண்ணியத்தையும் சேர்க்கிறார்கள், ஏனெனில் புண்ணியத்தின் பயனை நுகரவும் மறுபடி பிறக்க வேண்டியிருக்கிறது. லூத்தரும் நற்செயலால் மீட்பில்லை என்பார், ஆனால் அவருக்கு அது தகுதி தராதது, அவ்வளவே. வைணவத்திலோ அது பிறவியோடு பிணைக்கும் விலங்கே. 'பாவம்' என்ற இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பத்திகள் கொடுங்கள். கட்டுரையின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: தென்கலையின் பூனைக்குட்டி லூத்தர், வடகலையின் குரங்குக்குட்டி கத்தோலிக்கம். சரிதானே?

பாதி சரி. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்லும் உவமை லூத்தரை நினைவூட்டுவது உண்மை. குரங்குக்குட்டியோ தானே தாயைப் பற்றிக்கொள்வதால் மனித முயற்சியைக் குறிக்கிறது. ஆனால் வடகலையின் வேதாந்த தேசிகர் சரணாகதியை இறைவன் அருள்வதற்கான ஒரு வியாஜமாகவே, அதாவது ஒரு சாக்காகவே கொள்கிறார்; பயனளிப்பவன் அவனே. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமும் 1547-இல் மீட்பின் தொடக்கம் அருளிலிருந்தே என்றது. நாலு கட்டத்தில் நாலு பெயரை எழுதினால் இவை மறைந்துவிடும். மேலும், தாயார் நமக்காகப் பரிந்துரைக்கும் புருஷகாரத்துக்கு லூத்தரிடம் இணையே இல்லை. இணை தேடாமல் அதற்குத் தனிப் பத்தி எழுதுங்கள்.

கேள்வி: என் ஆய்வேடு சைவ சித்தாந்தமும் தேரவாதமும். "யார் மீட்கிறார்?" என்ற தலைப்பில் பௌத்தப் பக்கம் காலியாக இருக்கிறதே, ஐயா?

அந்தக் கேள்வி சைவத்திலிருந்து வந்தது. அதனால்தான் பௌத்தம் ஏதோ குறையுடையது போலத் தெரிகிறது. "விடுதலையில் எஞ்சுவது எது?" என்று மாற்றிப் பாருங்கள். சைவத்தில், செம்பில் களிம்பு போல உயிரில் அநாதியாக ஒட்டிய ஆணவ மலத்தின் வலிமை அடங்கியபின்னும் உயிர் இருக்கிறது, சிவனோடு இரண்டற நின்றாலும் சிவனாகிவிடுவதில்லை. தேரவாதத்திலோ எஞ்ச ஓர் ஆன்மா முதலிலேயே இல்லை. ஆனால் இந்தக் கேள்வியும் சைவத்துக்குச் சற்றுச் சாதகமானதே. அதைக் கட்டுரையிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவற்றுள் எது உண்மையான வழி என்று கடைசியில் சொல்ல வேண்டாமா?

அது வேறு கட்டுரை.

கேள்வி: இரட்சிப்பு, மோட்சம், வீடுபேறு: பொதுச் சொல்லாக எதைக் கொள்வது?

வைணவரும் பெருமாளை 'ரக்ஷகன்' என்பதால் முதல் சொல் கிறிஸ்தவர்களுக்கே உரியதன்று. ஆனாலும் தமிழ் வேதாகமம் படித்தவர் காதில் அது பாவமன்னிப்போடு சேர்ந்தே ஒலிக்கும். நான் 'விடுதலை' என்று எழுதிவருகிறேன். இறைவனுக்குத் தொண்டு செய்யும் கைங்கரியமே பேறு என்னும் வைணவருக்கு அது போதுமா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.